பல்புப் பெட்டியில் இருக்கும் கெல்வின் எண் எதன் வெப்பநிலை?

கேள்வி: பல்புப் பெட்டியில் வார்ம் வைட் 3000K, கூல் வைட் 6500K என்று போட்டிருக்கிறது. கெல்வின் என்றால் வெப்பநிலைதானே? அப்படியானால் 6500 தானே அதிகச் சூடு, அதற்கு எப்படி கூல் என்று பெயர் வந்தது? அப்புறம் 3000K என்றே போட்ட இரண்டு பல்புகளை அடுத்தடுத்து மாட்டினால் நிறம் ஒத்துப்போக மாட்டேன் என்கிறதே, ஏன்?

பதில்:

அது வெப்பநிலைதான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் பல்பின் வெப்பநிலை அல்ல. "ஒரு பொருளை இத்தனை கெல்வினுக்குச் சூடேற்றினால் அது எந்த நிறத்தில் ஒளிருமோ, கிட்டத்தட்ட அந்த நிற வெளிச்சம் இந்தப் பல்பிலிருந்து வரும்" என்பதைச் சுருக்கிச் சொல்லும் எண் அது. உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை அந்தக் "கிட்டத்தட்ட" என்ற சொல்லுக்குள்தான் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் கொல்லர் உலையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

இரும்புக் கம்பியை உலையில் வைத்துக் காய்ச்சும்போது முதலில் எதுவும் தெரியாது. கை வைத்தால் பொசுக்கிவிடும், ஆனால் கண்ணுக்கு அது கறுப்புக் கம்பிதான். ஏறத்தாழ 800 கெல்வினை, அதாவது 525 டிகிரி செல்சியஸை எட்டும்போது இருட்டில் பார்த்தால் மங்கலான சிவப்பு தெரிய ஆரம்பிக்கும். இன்னும் ஏற்றினால் செக்கச் செவேலென்று ஆகி, ஆரஞ்சுக்குப் போய், பிறகு மஞ்சளாகும். 1811 கெல்வினில் இரும்பே உருகிவிடும் என்பதால் அதற்கு மேல் கம்பியை வைத்துக் காட்ட முடியாது. உருகாத ஒரு பொருள் இருந்து, இன்னும் சூடேற்ற முடிந்தால் மஞ்சள் வெளுத்து வெள்ளையாகும், அதையும் தாண்டினால் வெள்ளையில் நீலம் தட்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த நிற வரிசை இரும்புக்கு மட்டும் உரியது அல்ல என்பது. அதே உலையில் ஒரு கரித்துண்டோ செங்கல்லோ கிடந்தாலும், ஒரே வெப்பநிலையில் எல்லாம் ஏறக்குறைய ஒரே நிறத்தில்தான் ஒளிரும். பொருள் எது என்பது பெரிதாகக் கணக்கில் வராது, வெப்பநிலைதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. தன் மேல் விழும் ஒளி முழுவதையும் விழுங்கிக்கொள்ளும், சூடேற்றினால் வெப்பநிலைக்கு ஏற்ப மட்டுமே ஒளிரும் ஓர் இலட்சியப் பொருளை இயற்பியலில் கரும்பொருள் என்கிறார்கள். எந்த வெப்பநிலையில் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி வரும் என்ற சூத்திரத்தை 1900-இல் மேக்ஸ் பிளாங்க் கண்டுபிடித்தார். பல்புப் பெட்டியில் உள்ள எண் அந்தச் சூத்திரத்தின் நேர் வாரிசு.

இதை ஏன் செல்சியஸில் சொல்லவில்லை என்றால், செல்சியஸின் பூச்சியம் தண்ணீர் உறையும் இடத்தில் இருக்கிறது, ஒளிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கெல்வினின் பூச்சியம், அதற்குக் கீழே போகவே முடியாத மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ். அங்கிருந்து எண்ணினால்தான் கணக்கு நேராக வரும். உதாரணமாக, சூடான பொருள் எந்த அலைநீளத்தில் மிக அதிகமாக ஒளிர்கிறது என்று தெரிய வேண்டுமானால் 28,98,000-ஐ கெல்வின் எண்ணால் வகுத்தால் போதும், விடை நானோமீட்டரில் கிடைக்கும். 2700-க்கு 1073 வரும். நம் கண் ஏறத்தாழ 380 முதல் 780 நானோமீட்டர் வரைதான் பார்க்கும் என்பதால், 2700 கெல்வின் பொருள் தன் ஆற்றலில் பெரும்பகுதியைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில்தான் கொட்டுகிறது. பழைய குண்டு பல்பு அவ்வளவு சுட்டதும், மின்சாரத்தை அவ்வளவு வீணாக்கியதும் இதனால்தான். 6500-க்கு அதே வகுத்தல் 446 என்று வரும், அது நீலம். செல்சியஸ் எண்ணைப் போட்டு வகுத்தால் இந்த எளிமை போய்விடும். இன்னொரு சிறு விஷயம்: கெல்வினுக்கு முன்னால் டிகிரி போடும் வழக்கத்தை 1967-இலேயே எடுத்துவிட்டார்கள். அதனால் 3000 கெல்வின் என்று சொன்னால் போதும்.

எண் ஏறும்போது உண்மையில் என்ன மாறுகிறது? எனக்குப் பிடித்த வழி, ஒரு நீல அலைநீளத்தையும் ஒரு சிவப்பு அலைநீளத்தையும் எடுத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று எவ்வளவு என்று பார்ப்பது. நீலத்துக்கு 450 நானோமீட்டர், சிவப்புக்கு 650 என்று வைத்துக்கொண்டு பிளாங்க் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 2700 கெல்வினில் நீலம் சிவப்பில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கிறது. 4000-இல் பாதிக்குச் சற்று மேலே வந்துவிடுகிறது. 6500-இல் நீலம் சிவப்பை முந்திக்கொண்டு அதைப் போல ஒன்றேகால் மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. வார்ம் வைட், கூல் வைட் என்பதன் உள்ளே இருக்கும் விஷயம் இந்த விகிதம்தான். இரண்டிலும் எல்லா நிறமும் இருக்கிறது, பங்கீடுதான் வேறு.

பெயர் ஏன் தலைகீழ் என்பதும் இப்போது புரியும். மனிதன் இயற்பியல் படிப்பதற்கு வெகு காலம் முன்பே நெருப்பைப் பார்த்திருக்கிறான். அடுப்புத் தணலும் விளக்குச் சுடரும் சிவப்பு, மஞ்சள். நிழலும் ஆழ்ந்த தண்ணீரும் பனியும் நீலச் சாயல். அதனால் சிவப்பு மஞ்சளுக்குக் கதகதப்பு என்றும் நீலத்துக்குக் குளிர்ச்சி என்றும் பெயர் ஒட்டிக்கொண்டது. நாம் பார்த்துப் பழகிய நெருப்பெல்லாம் வெப்பநிலை வரிசையின் கீழ்ப்படியில் இருப்பவை, மெழுகுவர்த்திச் சுடரின் நிறம் 1900 கெல்வினை ஒட்டித்தான் இருக்கும். நீல வெள்ளையில் ஒளிரும் அளவுக்குச் சூடான பொருள் எதையும் யாரும் அடுப்பில் பார்த்ததில்லை. கண்ணுக்குத் தோன்றும் உணர்வுக்குப் பெயர் வைத்தார்கள், எண்ணோ பொருளின் சூட்டைச் சொல்கிறது. இரண்டும் எதிரெதிராகப் போகின்றன, அவ்வளவுதான்.

குண்டு பல்பின் காலத்தில் இந்த எண் உவமையாக இல்லை, உண்மையாகவே இருந்தது. உள்ளே இருந்த டங்ஸ்டன் இழை நிஜமாகவே 2700, 2800 கெல்வினில் எரிந்தது. ஹாலஜன் விளக்கில் 3000-ஐ ஒட்டிப் போனது. படப்பிடிப்பு விளக்குகளுக்கு இழையின் ஆயுளைக் குறைத்துக்கொண்டு 3200, 3400 வரை ஏற்றினார்கள். டங்ஸ்டன் 3695 கெல்வினில் உருகிவிடும் என்பதால் எந்த விளக்கின் டங்ஸ்டன் இழையும் 4000 கெல்வினில் எரிய முடியாது. சூரியனின் மேற்பரப்பே 5772 கெல்வின்தான். ஆகவே 6500 என்று எழுதிய பல்புக்குள் சூரியனை விடச் சூடான ஏதோ ஒன்று இருக்கிறது என்று யாரும் பயப்பட வேண்டாம். அங்கே இருப்பது ஒரு சின்ன நீல எல்இடி சில்லு, அதன் மேல் மஞ்சள் பூச்சு போல பாஸ்பர். சில்லிலிருந்து வரும் நீலத்தில் ஒரு பங்கை பாஸ்பர் வாங்கி மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றித் தருகிறது, மீதி நீலம் அப்படியே வெளியே வருகிறது. பாஸ்பரை அதிகம் போட்டுச் சிவப்பையும் சேர்த்தால் 2700, குறைத்துப் போட்டால் 6500. எரியாத பல்பை உற்றுப் பார்த்தாலே இது தெரியும்: மேல்மூடி கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால், வார்ம் வைட் சில்லின் பூச்சு அடர்ந்த ஆரஞ்சு மஞ்சளாகவும் கூல் வைட்டின் பூச்சு வெளிர் எலுமிச்சை நிறமாகவும் இருக்கும்.

இப்போது அந்தக் "கிட்டத்தட்ட"வுக்கு வருகிறேன்.

கரும்பொருளைச் சூடேற்றிக்கொண்டே போனால் அது கடந்து செல்லும் நிறங்களை, எல்லா நிறங்களையும் அடக்கிய ஒரு வரைபடத்தில் குறித்தால் ஒரு வளைந்த கோடு கிடைக்கும். அதை ஒரு சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை ஓரத்தில் 2000, 3000, 4000 என்று மைல்கற்கள். குண்டு பல்பு எப்போதும் சாலையின் மேலேயே நிற்கும். எல்இடியும் டியூப்லைட்டும் அப்படி அல்ல. அவற்றின் வெள்ளை, பாஸ்பர் கலவையால் வந்தது, ஆகவே அது சாலையை விட்டுச் சற்றுத் தள்ளி எங்காவது இருக்கும். சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் வீட்டுக்கு நாம் எப்படி வழி சொல்வோம்? "மூவாயிரமாவது கல்லுக்குப் பக்கத்தில்" என்போம். எல்இடிக்கும் அதே கதைதான். எந்த மைல்கல் மிக அருகில் இருக்கிறதோ அதன் எண்ணைப் பெட்டியில் அச்சடிக்கிறார்கள். இதற்கு ஒத்த நிற வெப்பநிலை என்று பெயர்.

ஒரே கல்லுக்குப் பக்கத்தில் சாலையின் இடப்புறம் ஒரு வீடும் வலப்புறம் ஒரு வீடும் இருக்கலாம் அல்லவா? நிற வரைபடத்தில் சாலைக்கு மேற்புறம் இருக்கும் வெள்ளையில் பச்சைச் சாயல் தட்டும், கீழ்ப்புறம் இருப்பதில் இளஞ்சிவப்புச் சாயல் தட்டும். இரண்டுக்கும் எண் 3000தான். எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல டியூவி என்று இன்னொரு எண் இருக்கிறது: மேற்புறம் பிளஸ், கீழ்ப்புறம் மைனஸ். துறையில் இருப்பவர்கள் பார்க்கும் அளவறிக்கையில் அது இருக்கும், பெட்டியின் மேல் இருக்காது. வாங்குபவருக்குப் பாதி முகவரிதான் கிடைக்கிறது என்பதே என் குறை.

இன்னொரு சிக்கல், இந்தச் சாலையில் மைல்கற்கள் சம தூரத்தில் நடப்பட்டவை அல்ல. 2000-க்கும் 3000-க்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் நிற மாற்றம் மிகப் பெரியது. 6000-க்கும் 7000-க்கும் நடுவே சின்ன மாற்றம்தான். இதைச் சரிப்படுத்த ஒரு சுலபமான வழி இருக்கிறது: பத்து லட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுங்கள். கிடைக்கும் எண்ணுக்கு மைரெட் என்று பெயர், ஒளிப்பதிவாளர்கள் நாள்தோறும் புழங்கும் அளவு. 2000-க்கு 500, 3000-க்கு 333, 6000-க்கு 167, 7000-க்கு 143. முதல் ஜோடியின் வித்தியாசம் 167, இரண்டாவது ஜோடியின் வித்தியாசம் 24. இரண்டுமே ஆயிரம் கெல்வின் இடைவெளிதான், ஆனால் கண்ணுக்கு முதலாவது ஏழு மடங்கு பெரிது. ஏறத்தாழ 5 மைரெட் வித்தியாசம் இருந்தால், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கண் கண்டுபிடித்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் வார்ம் பக்கம் 2700, 3000, 3500 என்று நெருக்கமாகவும் கூல் பக்கம் 5000, 5700, 6500 என்று அகலமாகவும் விற்கிறார்கள்.

இத்தோடு தரக்கட்டுப்பாட்டு வரம்பைச் சேர்த்துப் பாருங்கள். எல்இடி விளக்கின் நிறத்துக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் அமெரிக்கத் தரமான ஆன்சி சி78.377-இன்படி, 3000 என்று பெயர் போட்ட விளக்கு 3045-க்கு இருபுறமும் 175 வரை விலகி இருக்கலாம். அதாவது 2870 முதல் 3220 வரை எங்கிருந்தாலும் அது 3000தான். 2700 என்பது 2580-இல் தொடங்கி அதே 2870-இல் முடிகிறது. ஒரு எண்ணின் எல்லை முடியும் இடத்தில் அடுத்ததன் எல்லை தொடங்குகிறது. ஆகவே 2860-இல் இருக்கும் 2700 பல்பும் 2880-இல் இருக்கும் 3000 பல்பும் கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும், ஆனால் இரண்டு 3000 பல்புகள் ஒன்றுக்கொன்று அந்நியமாக நிற்கலாம். எண்ணைப் போட்டவர் பொய் சொல்லவில்லை. அந்த எண் ஒரு புள்ளி அல்ல, ஒரு பரப்பு.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். நீண்ட நடைவழி ஒன்றில் கூரையில் பதித்த விளக்குகள் நான்கு, எல்லாம் 3000, ஒரே நாளில் மாட்டியவை. சில வருடங்களில் மூன்றாவது விளக்கு போய்விட்டது. அதே வாட், அதே 3000 என்று பார்த்து ஒன்று வாங்கி மாட்டினேன். இரவில் ஸ்விட்சைப் போட்டதும் சுவரில் மூன்று மஞ்சள் வட்டமும் ஒரு வெளிறிய இளஞ்சிவப்பு வட்டமும் விழுந்தன. வீட்டிலிருந்த எல்லோருக்கும் தெரிந்தது, துறை அறிவு எதுவும் தேவைப்படவில்லை. கையடக்க நிறமாலைமானியைக் கடன் வாங்கி ஒவ்வொன்றின் கீழும் வைத்துப் பார்த்தேன். பழைய மூன்றும் 2900-ஐ ஒட்டி, 2900, 2910, 2920 என்று காட்டின. புதியது 3160. மைரெட்டில் 344-உம் 316-உம், வித்தியாசம் 28. கண்ணுக்குத் தெரியும் அளவைப் போல ஐந்து மடங்குக்கு மேல். போதாததற்கு டியூவி பழையவற்றில் பிளஸ் 0.003, புதியதில் மைனஸ் 0.003. பழையவை சாலைக்கு மேற்புறம், புதியது கீழ்ப்புறம். நான்கும் அந்தத் தரத்தின் வரம்புக்கு உள்ளேயேதான் இருந்தன. ஆகவே திருப்பிக் கொடுக்கக்கூட நியாயம் இல்லை.

பழையவை மாட்டிய அன்றைக்கே 2900-இல் இருந்தனவா, வருடக்கணக்கில் எரிந்து அங்கே நகர்ந்தனவா என்பது அளவை அன்றே எடுத்து வைத்திருந்தால்தான் தெரியும். எல்இடி நிறம் காலத்தோடு நகரக்கூடியதுதான். சூட்டில் பாஸ்பர் திறன் குறைந்தால் நீலம் கூடும், மேல்மூடி பிளாஸ்டிக் மஞ்சளித்தால் நிறம் வார்ம் பக்கம் சாயும். அதனால் பழைய விளக்குக்கு ஜோடியாகப் புதியது வாங்கும்போது பெட்டி எண் பொருந்துவதை வைத்து நிம்மதி அடைய முடியாது. கடைசியில் புதியதைத் தனியாக ஒரே ஒரு விளக்கு இருக்கும் சாமான் அறைக்கு மாற்றிவிட்டு, நடைவழிக்கு நான்கையும் ஒரே தொகுதி எண் பார்த்து வாங்கினேன், கூடவே ஒன்று உபரியாக. சாமான் அறையில் அந்த இளஞ்சிவப்பு விளக்கை இதுவரை யாரும் கவனித்ததில்லை.

ஏன் கவனிக்கவில்லை என்பதும் இதில் ஒரு முக்கியமான பாடம். நம் கண் ஓர் அறைக்குள் போனதும் சில நிமிடங்களில் அங்குள்ள வெளிச்சத்துக்குத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. 2700-இன் கீழும் வெள்ளைத் தாள் வெள்ளையாகத்தான் தெரியும், 6500-இன் கீழும் அதே. தனியாக இருக்கும்போது கண் மன்னித்துவிடும் வித்தியாசத்தை, இரண்டும் ஒரே பார்வையில் விழும்போது மன்னிக்காது. ஆகவே ஒரே அறையில், ஒரே சுவரில் எண்களைக் கலப்பதைத்தான் முதலில் தவிர்க்க வேண்டும். தனித்தனி அறைகளில் எண் மாறினால் குறை ஒன்றும் இல்லை.

மானி இல்லாமல் ஒத்துப்பார்க்க ஒரு வழி சொல்கிறேன், காசு செலவில்லை. வழக்கமான வெள்ளைத் தாளை நடுவில் மடித்துக் கூடாரம் போல மேஜையில் நிறுத்துங்கள். ஒரு பல்பு இடப்பக்கச் சரிவிலும் இன்னொன்று வலப்பக்கச் சரிவிலும் மட்டும் விழும்படி வைத்து, தூரத்தைக் கூட்டிக் குறைத்து இரு பக்கப் பிரகாசத்தையும் சமமாக்குங்கள். பிறகு நேர் மேலிருந்து மடிப்பைப் பாருங்கள். நிறம் ஒத்த பல்புகளாக இருந்தால் மடிப்புக் கோடு கிட்டத்தட்ட மறைந்துபோகும். இல்லையென்றால் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம் என்றோ, ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் இளஞ்சிவப்பு என்றோ பிரிந்து தெரியும். முதல் வகைப் பிரிவு கெல்வின் வித்தியாசம், இரண்டாவது வகை டியூவி வித்தியாசம். பிரகாசத்தைச் சமமாக்காமல் பார்க்காதீர்கள், மங்கலான பக்கம் எப்போதும் அழுக்காகத் தெரிந்து ஏமாற்றும். போன் கேமராவில் பார்க்க நினைத்தால் வைட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் ஒரே எண்ணில் பூட்டிவிட்டுப் படம் எடுங்கள். அங்கே எண்ணை ஏற்றினால் படம் மஞ்சளாகும், நீலமாகாது. காரணம், வெளிச்சம் நீலமாக இருப்பதாக நீங்கள் சொன்னதும் கேமரா அதை ஈடுகட்ட மஞ்சளைச் சேர்க்கிறது. பலரும் இங்கேதான் குழம்புவார்கள்.

பெயர்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஐரோப்பிய வேலையிட விளக்குத் தரமான இஎன் 12464-1, 3300-க்குக் கீழே வார்ம், 5300-க்கு மேலே கூல், நடுவில் இருப்பது இடைநிலை என்று வகுக்கிறது. அமெரிக்க டியூப்லைட் வழக்கத்திலோ கூல் வைட் என்றால் 4100தான், 6500-க்கு டேலைட் என்று தனிப் பெயர். ஆக ஒரு பெட்டியில் கூல் வைட் என்பது 4000, இன்னொன்றில் 6500. இரண்டுக்கும் நடுவே 96 மைரெட், ஒரு பெரிய பள்ளம். ஒருமுறை போனில் வெறும் "கூல் வைட்" என்று சொல்லி விளக்குகள் வரவழைத்து, 4000-ஐ எதிர்பார்த்த இடத்தில் 6500 வந்து, எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதாயிற்று. அதிலிருந்து எண்ணைச் சொல்லாமல் நான் எதையும் கேட்பதில்லை.

பெட்டியிலோ டியூப்பின் ஓரத்திலோ 830, 840, 865, 927 என்று மூன்று இலக்கம் இருந்தால் அதைப் பாருங்கள். கடைசி இரண்டு இலக்கம் நூற்றுக் கணக்கில் கெல்வின்: 30 என்றால் 3000, 65 என்றால் 6500. முதல் இலக்கம் நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான மதிப்பெண்: 8 என்றால் எண்பதுகளில், 9 என்றால் தொண்ணூறுக்கு மேல். இவை இரண்டும் வேறு வேறு விஷயங்கள். கெல்வின் என்பது வெளிச்சத்தின் சொந்த நிறம், மற்றது அந்த வெளிச்சத்தில் துணியும் தோலும் காய்கறியும் எப்படித் தெரியும் என்பது. 830-உம் 930-உம் வெள்ளைச் சுவரில் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் சிவப்புத் துணியைக் காட்டினால் முதலாவதில் அது கொஞ்சம் செத்துத் தெரியும். எவ்வளவு வெளிச்சம் என்பதற்கோ லூமன் என்று மூன்றாவது எண் இருக்கிறது. 6500 என்பதால் வெளிச்சம் அதிகம் என்று ஆகிவிடாது. ஒரே வாட்டில் கூல் வகை கொஞ்சம் கூடுதல் லூமன் தருவது உண்டு, நீலத்தைச் சிவப்பாக மாற்றுவதில் ஆற்றல் இழப்பு இருக்கிறது என்பதால். ஆனால் அந்த வித்தியாசத்துக்காக நிறத்தைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல.

எதை எங்கே போடலாம் என்பதில் என் கருத்து இது. மாலைக்குப் பிறகு உட்கார்ந்து ஓயும் இடங்களுக்கும் படுக்கை அறைக்கும் 2700. நம் உடல் கடிகாரத்துக்குப் பகலா இரவா என்று தகவல் சொல்லும் விழித்திரைச் செல்கள் 480 நானோமீட்டரை ஒட்டிய நீலத்துக்குத்தான் மிகுதியாக எதிர்வினை காட்டும், 2700-இல் அந்தப் பங்கு குறைவு. ஆனாலும் 2700 என்ற எண்ணை மட்டும் நம்பி அறையைப் பிரகாசத்தில் மூழ்கடித்தால் பலன் போய்விடும், வெளிச்சத்தின் அளவும் குறைய வேண்டும். வேலை செய்யும் மேஜை, சமையல் மேடை, படிக்கும் இடம் ஆகியவற்றுக்கு 4000 போதும். பகலில் ஜன்னல் வெளிச்சத்தோடு சண்டை போடாது, இரவில் கண்ணை உறுத்தவும் செய்யாது. 6500 என்பது மேகம் மூடிய பகல் வானத்தின் நிறம். வெளியே அப்படி இருக்கும்போது வெளிச்சமும் ஏராளமாக இருக்கும், ஆகவே இயல்பாகத் தெரியும். அதே நிறத்தை மங்கலான ஒற்றை விளக்கில் இரவில் கொடுத்தால் அறை சாம்பல் பூத்தது போல ஆகிவிடுகிறது. பலர் 6500-ஐ வெறுப்பதற்குக் காரணம் நிறம் மட்டும் அல்ல, அதற்கு வேண்டிய அளவு வெளிச்சம் கொடுக்காததும்தான் என்று நினைக்கிறேன். நிறம் பார்த்துச் சரிபார்க்கும் வேலைகளுக்கு, அதாவது அச்சு, துணி, பெயின்ட் போன்றவற்றுக்கு, 5000 அல்லது 6500-ஐ, தொண்ணூறுக்கு மேல் நிற மதிப்பெண்ணோடு, போதிய வெளிச்சத்தில் போடுங்கள்.

டிம்மர் வைக்கிற எண்ணம் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். குண்டு பல்பை மங்கச் செய்தால் இழை குளிர்ந்து வெளிச்சம் தானாகவே சிவந்துவிடும். வழக்கமான எல்இடி அப்படிச் செய்யாது. 3000-ஐக் குறைத்தால் மங்கலான 3000தான் கிடைக்கும். குறைக்கும்போது நிறமும் இறங்க வேண்டுமானால் அதற்கென்றே செய்த விளக்கைக் கேட்டு வாங்க வேண்டும். அதன் பெட்டியில் ஒரு எண்ணுக்குப் பதில் 2700-1800 என்பது போல இரண்டு எண் இருக்கும்.

உங்கள் இரண்டு பல்புகளுக்கு வருவோம். முதலில் தாள் கூடாரத்தில் பாருங்கள். மஞ்சள், நீலம் என்று பிரிந்தால் ஒன்று வரம்பின் அடியிலும் மற்றது உச்சியிலும் இருக்கிறது. பச்சை, இளஞ்சிவப்பு என்று பிரிந்தால் சாலைக்கு இருபுறமும் இருக்கின்றன. இரண்டிலும் தீர்வு ஒன்றுதான்: ஒரே பார்வையில் படும் இடத்துக்கு ஒரே தயாரிப்பு, ஒரே மாடல், ஒரே தொகுதி எண்ணில் வேண்டிய அத்தனையும் ஒன்றாக வாங்குங்கள், ஒன்றிரண்டை உபரியாக எடுத்து வையுங்கள். நிற ஒற்றுமை மிக முக்கியம் என்றால் விவரத் தாளில் மெக்ஆடம் படி எத்தனை என்று பாருங்கள். விளக்குக்கு விளக்கு நிறம் எவ்வளவு சிதறும் என்பதன் அளவு அது. 7 படி என்றால் நான் மேலே சொன்ன அகலமான பரப்பு, 3 படி என்றால் அடுத்தடுத்து மாட்டினாலும் பெரும்பாலானோர் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. இப்போது கையில் இருக்கும் இரண்டையும் எறிய வேண்டாம், ஒன்றுக்கொன்று பார்க்காத இரண்டு அறைகளில் மாட்டிவிடுங்கள்.